கெபாசிட்டருக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டர்

ஆப்-ஆம்ப் இன்டக்ரேட்டர் என்று பாடப்புத்தகம் காட்டும் படத்தில் மூன்றே பொருள்கள் இருக்கும். நடுவில் முக்கோண வடிவில் ஆப்-ஆம்ப், அதன் வாசலில் ஒரு ரெசிஸ்டர், வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்குத் திரும்பி வரும் பாதையில் ஒரு கெபாசிட்டர். அதே சர்க்யூட்டை ஆய்வகக் கையேட்டில் பார்த்தால் பெரும்பாலும் நாலாவதாக ஒன்று சேர்ந்திருக்கும். கெபாசிட்டரின் இரண்டு கால்களுக்கும் குறுக்கே இன்னொரு ரெசிஸ்டர். கணக்குப் போடும்போது அது எங்கும் வருவதில்லை. அதனால் மாணவர்கள் பலரும் அதை ஒப்புக்கு வைத்த ஒன்று என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அதை விட்டுவிட்டுச் சர்க்யூட்டைப் போட்டுப் பார்த்தால், சில நொடிகளுக்குள் வெளியீடு பவர் சப்ளையின் எல்லைக்குப் போய் முட்டிக்கொண்டு நிற்கும்.

அது ஏன் முட்டுகிறது, அந்த ஒற்றை ரெசிஸ்டர் எப்படித் தடுக்கிறது, அதற்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம் என்று பார்ப்போம்.

கூட்டிக்கொண்டே போகும் சர்க்யூட்

இன்டக்ரேட்டரின் வேலை, உள்ளே வரும் மின்னழுத்தத்தை நேரத்தோடு சேர்த்துக் கூட்டிக்கொண்டே போவது. நிஜமான எண்களை வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். ஆய்வகங்களில் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் புழங்கும் 741 என்ற ஐசியை எடுத்துக்கொள்வோம். ஃபேர்சைல்டு நிறுவனம் 1968-இல் வெளியிட்ட ஆப்-ஆம்ப் இது. பவர் சப்ளை +15, −15 வோல்ட். உள்ளீட்டு ரெசிஸ்டர் 10 கிலோ ஓம். கெபாசிட்டர் 0.1 மைக்ரோஃபாரட்.

ஐசியின் 3-ஆம் கால் கிரவுண்டில் இருக்கிறது. 2-ஆம் காலுக்கு உள்ளீட்டு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் வந்து சேர்கின்றன. ஆப்-ஆம்ப் எப்போதும் இந்த இரண்டு கால்களையும் ஒரே அழுத்தத்தில் வைத்திருக்கப் பார்க்கும். 2-ஆம் காலும் கிட்டத்தட்ட சுழியிலேயே நிற்பதால், உள்ளீட்டில் 1 வோல்ட் கொடுத்தால் ரெசிஸ்டர் வழியாக 0.1 மில்லிஆம்பியர் ஓடும். ஐசியின் காலுக்குள் அது நுழைய முடியாது. முழுவதும் கெபாசிட்டருக்குள் போய்ச் சேரும். அந்தக் கரண்ட் இந்தக் கெபாசிட்டரை மில்லிநொடிக்கு 1 வோல்ட் வீதம் நிரப்பும். உள்ளீடு நேர்மறையாக இருக்கும்வரை வெளியீடு அதே வேகத்தில் கீழே இறங்கும். எதிர்மறையானால் அதே வேகத்தில் மேலே ஏறும்.

இப்போது சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையைக் கொடுக்கிறோம். அரை மில்லிநொடி +1 வோல்ட், அடுத்த அரை மில்லிநொடி −1 வோல்ட். வெளியீடு அரை வோல்ட் இறங்கும், பிறகு அரை வோல்ட் ஏறும். ஆசிலோஸ்கோப்பில் சதுர அலைக்குப் பக்கத்தில் அழகான முக்கோண அலை தெரியும். பாடப்புத்தகம் சொல்வது இவ்வளவுதான்.

யாரும் கொடுக்காத உள்ளீடு

சிக்னல் ஜெனரேட்டரைக் கழற்றிவிட்டு உள்ளீட்டு ரெசிஸ்டரின் வெளி முனையைக் கிரவுண்டில் இணைப்போம். உள்ளீடு இப்போது சுழி. சுழியை எத்தனை நேரம் கூட்டினாலும் சுழிதான் என்று கணக்கு சொல்லும். கெபாசிட்டரின் இரண்டு கால்களையும் ஒரு துண்டு வயரால் ஷார்ட் செய்து, வெளியீட்டில் மல்டிமீட்டரை வைத்து, வயரை எடுத்துப் பார்த்தால் வேறு கதை நடக்கும். மீட்டர் சுழியில் நிற்காது. ஒரு வோல்ட், மூன்று வோல்ட், ஆறு வோல்ட் என்று ஏறிக்கொண்டே போகும். 13 வோல்ட் சுமாருக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிடும். மறுபடி ஷார்ட் செய்து எடுத்தால் மறுபடியும் அதே ஏற்றம். இந்த நகர்வைத்தான் ட்ரிஃப்ட் என்கிறார்கள். எல்லையில் போய் முட்டுவது சாச்சுரேஷன்.

யாரும் கொடுக்காத உள்ளீடு எங்கிருந்து வருகிறது? இரண்டு இடங்களிலிருந்து. இரண்டுமே ஐசிக்குள் இருப்பவை.

முதலாவது ஆஃப்செட் வோல்டேஜ். ஆப்-ஆம்பின் உள்ளே 2-ஆம் காலுக்கும் 3-ஆம் காலுக்கும் ஆளுக்கொரு டிரான்சிஸ்டர் உண்டு. இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதுதான் வடிவமைப்பு. ஆனால் சிலிக்கனில் வார்க்கும்போது நுண்ணிய வேறுபாடு வந்தே தீரும். அதனால் இரண்டு கால்களும் சமமாக இருக்கிறது என்று ஐசி நினைக்கும் நேரத்தில், உண்மையில் அவற்றுக்கிடையே ஒரு சின்ன வித்தியாசம் இருக்கும். 741-இன் சாதாரண ரகத்தில் இது வழக்கமாக 2 மில்லிவோல்ட் அளவு. இதுவே 10 கிலோ ஓம் வழியாக ஒரு கரண்டை ஓட்டி, கெபாசிட்டரை நொடிக்கு 2 வோல்ட் வீதம் நிரப்பிவிடும்.

இரண்டாவது பயாஸ் கரண்ட். ஐசியின் காலுக்குள் கரண்ட் நுழையாது என்று மேலே சொன்னது முழு உண்மை இல்லை. அந்த உள்ளீட்டு டிரான்சிஸ்டர்கள் வேலை செய்ய அவற்றுக்குத் துளி கரண்ட் வேண்டும். 741-க்கு இது வழக்கமாக 80 நானோஆம்பியர். 2-ஆம் கால் இதைக் கெபாசிட்டர் வழியாகவே இழுத்துக்கொள்வதால் வெளியீடு நொடிக்கு 0.8 வோல்ட் ஏறும்.

இரண்டும் ஒரே திசையில் சேர்ந்தால் நொடிக்கு 2.8 வோல்ட். எல்லை 13 வோல்ட். ஐந்து நொடிகூட ஆகாது. ஆஃப்செட் ஐசிக்கு ஐசி மாறும், அதன் திசையும் மாறும். எதிர்த் திசையில் இருந்தால் நொடிக்கு 1.2 வோல்ட் வீதம் கீழ் எல்லையை நோக்கிப் போகும். வேகமும் திசையும்தான் வேறு, முட்டுவது நிச்சயம்.

மூன்றாவதாக ஒன்று வெளியிலிருந்தும் வரும். சிக்னல் ஜெனரேட்டர் கொடுக்கும் சதுர அலையின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் துல்லியமாகச் சமமாக இருப்பதில்லை. மேல் பாதி 50.5 சதவீத நேரமும் கீழ்ப் பாதி 49.5 சதவீத நேரமும் இருந்தால், பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் அந்த அலையின் சராசரி சுழி இல்லை, 10 மில்லிவோல்ட். இன்டக்ரேட்டர் அதை நொடிக்கு 10 வோல்ட்டாகச் சேர்த்துவிடும்.

நல்ல ஐசி வாங்கினால் சரியாகிவிடுமா?

முதலில் தோன்றும் வழி இதுதான். 741-இன் 1, 5-ஆம் கால்களில் ஒரு பொட்டென்ஷியோமீட்டரை மாட்டி ஆஃப்செட்டைச் சரிசெய்யலாம். திருகித் திருகி மொத்தப் பிழையையும் 0.1 மில்லிவோல்ட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது நொடிக்கு 0.1 வோல்ட் ஏறும்; 13 வோல்ட்டைத் தொட இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். அதற்குள் ஐசி சூடேறினாலும் அறையின் வெப்பம் மாறினாலும் திருகி வைத்த இடம் நகர்ந்துவிடும். இன்னும் உயர்ந்த ரகமாக, ஆஃப்செட் 5 மைக்ரோவோல்ட் மட்டுமே உள்ள ஆப்-ஆம்பைப் போட்டால், பயாஸ் கரண்டைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும், முக்கால் மணி நேரத்துக்குள் முட்டிவிடும்.

பிழையைக் குறைப்பது முட்டும் நேரத்தைத் தள்ளிப்போடுமே தவிர, முட்டுவதை நிறுத்தாது. எவ்வளவு சிறிய பிழையானாலும் இன்டக்ரேட்டர் அதைக் கூட்டிக்கொண்டே இருக்கும், எதையும் மறக்காது. கோளாறு ஐசியின் தரத்தில் இல்லை, சர்க்யூட்டின் அமைப்பில் இருக்கிறது.

அந்த அமைப்பைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஆப்-ஆம்ப் தனியாக விட்டால் ஒரு முரட்டுப் பெருக்கி. 741 தன் இரண்டு கால்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைச் சுமார் 2 லட்சம் மடங்கு பெருக்கும். 2 மில்லிவோல்ட்டை அப்படிப் பெருக்கினால் 400 வோல்ட் வர வேண்டும். சப்ளை 15 வோல்ட்தான் என்பதால் எல்லையில் போய் நிற்கும். இந்த முரட்டுத்தனத்தை அடக்குவது ஃபீட்பேக். வெளியீட்டின் ஒரு பங்கு 2-ஆம் காலுக்குத் திரும்பி வந்து, போதும் நில் என்று சொல்ல வேண்டும். இன்டக்ரேட்டரில் அந்தத் திரும்பும் பாதையில் இருப்பது கெபாசிட்டர் மட்டும். ஏசிக்குக் கெபாசிட்டர் வழிவிடும். மாறாமல் நிற்கும் டிசிக்கு அது அறுந்த வயர். அதாவது, சிக்னலுக்கு ஃபீட்பேக் இருக்கிறது. ஆஃப்செட்டுக்கும் பயாஸ் கரண்டுக்கும் இல்லை. அவற்றைத் தடுத்து நிறுத்த யாருமில்லாததால் அவை எல்லைவரை போகின்றன.

ரெசிஸ்டர் திறந்துவிடும் வழி

கெபாசிட்டருக்குக் குறுக்கே வைக்கும் ரெசிஸ்டர், டிசி திரும்பி வர ஒரு பாதையைத் திறந்துவிடுகிறது. நம் சர்க்யூட்டில் 100 கிலோ ஓம் வைப்போம், உள்ளீட்டு ரெசிஸ்டரைப்போல் பத்து மடங்கு.

ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொண்டால் நடப்பது விளங்கும். சரியாக மூடாத குழாயிலிருந்து தொட்டிக்குள் சொட்டுச் சொட்டாக விழுகிறது. துளையில்லாத தொட்டி என்றால் எவ்வளவு மெதுவாகச் சொட்டினாலும் ஒருநாள் நிரம்பி வழியும். தொட்டியின் அடியில் ஒரு சின்னத் துளை இருந்தால் அப்படி நடக்காது. மட்டம் உயர உயரத் துளை வழியாக வெளியேறுவதும் அதிகமாகும். வருவதும் போவதும் சமமாகும் மட்டத்தில் தண்ணீர் நின்றுவிடும். ரெசிஸ்டரும் அதே வேலையைத்தான் செய்கிறது. கெபாசிட்டரில் அழுத்தம் கூடக் கூட ரெசிஸ்டர் வழியாக வடிந்துபோகும் கரண்டும் கூடுகிறது. இந்தத் துறையில் இருப்பவர்களும் இதைக் கசியும் இன்டக்ரேட்டர் என்றே அழைக்கிறார்கள்.

எந்த மட்டத்தில் நிற்கும் என்பதைக் கணக்கிடலாம். டிசியைப் பொறுத்தவரை கெபாசிட்டர் இல்லாததுபோல்தான். 100 கிலோ, 10 கிலோ என்ற இரண்டு ரெசிஸ்டர்கள் கொண்ட சாதாரணப் பெருக்கி மட்டுமே மிச்சம். ஆஃப்செட் அதில் 11 மடங்கு பெருகும்: 22 மில்லிவோல்ட். பயாஸ் கரண்ட் 100 கிலோ ஓம் வழியாக ஓடி 8 மில்லிவோல்ட் சேர்க்கும். மொத்தம் 30 மில்லிவோல்ட். 13 வோல்ட்டில் போய் முட்டிக்கொண்டிருந்த வெளியீடு இப்போது சுழிக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்கிறது. சதுர அலையின் சமமின்மையால் வந்த 10 மில்லிவோல்ட், பத்து மடங்காகி 0.1 வோல்ட் நகர்த்தும். முக்கோண அலை அரை வோல்ட் உயரத்தோடு அப்படியே இருக்கும். நடுக்கோடு கொஞ்சம் விலகியிருக்கும், அவ்வளவுதான்.

3-ஆம் காலை நேராகக் கிரவுண்டில் இணைக்காமல் 9.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக இணைத்தால் பயாஸ் கரண்டால் வரும் பிழையில் பெரும்பகுதி ரத்தாகும். அது 10 கிலோவும் 100 கிலோவும் இணையாகச் சேர்ந்தால் வரும் மதிப்பு.

கொடுக்கும் விலை

தொட்டியில் துளை போட்டால் நாம் வேண்டுமென்று ஊற்றிய தண்ணீரும் வடியும். ரெசிஸ்டருக்குச் சிக்னல் எது, பிழை எது என்று தெரியாது. இரண்டையும் வடிக்கிறது. 100 கிலோ ஓமையும் 0.1 மைக்ரோஃபாரடையும் பெருக்கினால் 10 மில்லிநொடி வரும். ஏறக்குறைய அதுதான் இந்தச் சர்க்யூட்டின் ஞாபக காலம். அதைவிட வேகமாக மாறுவதை நன்றாகக் கூட்டும். மெதுவாக மாறுவதைக் கூட்டி முடிக்குமுன் மறந்துவிடும்.

எந்த ஃபிரீக்வென்சியில் இந்த மாற்றம் நிகழ்கிறது என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு. இதில் R என்பது குறுக்கே வைத்த ரெசிஸ்டர், C என்பது கெபாசிட்டர்.

```
f = 1 / (2πRC)
```

நம் மதிப்புகளுக்கு இது சுமார் 16 ஹெர்ட்ஸ். சிக்னல் இதைவிடப் பத்து மடங்குக்கு மேலே இருந்தால் இன்டக்ரேட்டர் நம்பகமாக வேலை செய்யும். 1 கிலோஹெர்ட்ஸ் அறுபது மடங்குக்கு மேல் இருப்பதால் முக்கோணத்தின் பக்கங்கள் நேர்கோடாகவே தெரியும். ஜெனரேட்டரின் குமிழைத் திருகி ஃபிரீக்வென்சியைக் குறைத்துக்கொண்டே வந்தால் விலை கண்ணுக்குத் தெரியும். 100 ஹெர்ட்ஸில் நேர்கோடுகள் வளையத் தொடங்கும். 10 ஹெர்ட்ஸில் முக்கோணமே இருக்காது. முனை மழுங்கிய சதுர அலை, தலைகீழாக, 10 வோல்ட் மேலும் 10 வோல்ட் கீழுமாக ஆடும். அங்கே சர்க்யூட் கூட்டுவதை விட்டுவிட்டு வெறும் பத்து மடங்குப் பெருக்கியாக மாறியிருக்கும்.

அப்படியானால் ரெசிஸ்டரை மிகப் பெரிதாக வைத்தால்? 1 மெகாஓம் வைத்தால் எல்லை 1.6 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். ஞாபகம் பத்து மடங்கு நீளும். கூடவே 741-இன் சொந்தப் பிழை 0.28 வோல்ட் ஆகும். சதுர அலையின் 10 மில்லிவோல்ட் 1 வோல்ட் ஆகும். 10 மெகாஓம் வைத்தால் சொந்தப் பிழை 2.8 வோல்ட், அலையின் பிழை 10 வோல்ட். இரண்டும் ஒரே திசையில் விழுந்தால் கிட்டத்தட்ட 13 வோல்ட்; ரெசிஸ்டர் இருந்தும் பயனில்லாமல் மறுபடியும் முட்டும் இடத்துக்கே வந்துவிட்டோம். ஞாபகமும் நிலைத்தன்மையும் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் பேரம். நல்ல ஆப்-ஆம்ப் உதவுவது இங்கேதான். பயாஸ் கரண்ட் பிகோஆம்பியர் அளவில் உள்ள ஐசியைப் போட்டால், பெரிய ரெசிஸ்டரை வைத்தும் பிழையைக் கட்டுக்குள் வைக்கலாம்.

முட்டியிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ரெசிஸ்டர் இல்லாத இன்டக்ரேட்டர் சாச்சுரேஷனுக்குப் போய்விட்டால் அலை மறைந்துவிடும் என்று எதிர்பார்ப்போம். பிழை சில மில்லிவோல்ட் மட்டுமே என்றால் அப்படி மறையாது. சதுர அலை வெளியீட்டை ஒவ்வொரு முறையும் அரை வோல்ட் கீழே இழுத்து மேலே விடுவதால், முக்கோணம் 13 வோல்ட் கூரையில் தொங்கியபடி, கூரையைத் தொடும் முனை மட்டும் வெட்டுப்பட்டு, தொடர்ந்து ஆடிக்கொண்டிருக்கும்.

ஆசிலோஸ்கோப்பை ஏசி கப்ளிங்கில் வைத்திருந்தால், அது டிசியை வடிகட்டிவிட்டு அந்த முக்கோணத்தைத் திரையின் நடுவே கொண்டுவந்து காட்டும். பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். முனை ஏன் தட்டையாக இருக்கிறது என்று ஜெனரேட்டரைச் சந்தேகிப்பார். எனவே இன்டக்ரேட்டரின் வெளியீட்டை எப்போதும் டிசி கப்ளிங்கில்தான் பார்க்க வேண்டும். முதலில் சுழிக் கோடு திரையில் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, அலை அதன் அருகே இருக்கிறதா, பல வோல்ட் தள்ளி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஒரு பக்க முனை மட்டும் தட்டையாக இருப்பது சாச்சுரேஷனின் கையெழுத்து. எல்லாப் பக்கமும் வளைந்திருந்தால் ரெசிஸ்டர் மிகச் சிறியது, அல்லது ஃபிரீக்வென்சி மிகக் குறைவு.

50 ஹெர்ட்ஸில் ஒரு சோதனை

இந்தப் பேரம் ஆய்வகத்தோடு முடிவதில்லை. மின் நிலையங்களிலும் தொழிற்சாலைகளிலும் தடித்த செம்புப் பட்டையில் ஓடும் கரண்டை அளக்க ரோகோவ்ஸ்கி காயில் என்ற வளையம் பயன்படுகிறது. பட்டையை அறுக்காமல் சுற்றிப் போட்டுவிடலாம். ஆனால் அது கொடுக்கும் மின்னழுத்தம் கரண்டைக் காட்டாது; கரண்ட் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைக் காட்டும். அதிலிருந்து கரண்டை மீட்டெடுக்க இன்டக்ரேட்டர் வேண்டும்.

நம் 100 கிலோ ஓம் சர்க்யூட்டை அங்கே வைத்தால் என்ன ஆகும்? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எல்லை 16 ஹெர்ட்ஸ். இடைவெளி மூன்று மடங்குதான். அலையின் உயரம் 5 சதவீதம் குறையும். அதைவிட மோசமாக, அலை இருக்க வேண்டிய இடத்திலிருந்து 17 டிகிரிக்கு மேல் விலகும். 1 மெகாஓம் வைத்தால் உயரம் சரியாகிவிடும், விலகல் 1.8 டிகிரி மிஞ்சும். 1.8 டிகிரி சிறிதாகத் தோன்றலாம். பவர் ஃபாக்டர் 0.5 உள்ள மோட்டாரின் மின்திறனை அளக்கும்போது அதுவே 5 சதவீதத்துக்கு மேல் பிழையாக வந்து நிற்கும். அதனால் இத்தகைய கருவிகளில் எல்லையை ஒரு ஹெர்ட்ஸுக்கும் கீழே கொண்டுபோகிறார்கள். அதைத் தாங்கும் அளவுக்கு ஆஃப்செட் குறைந்த ஆப்-ஆம்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மிச்ச விலகலைக் கணக்கிட்டுத் திருத்துகிறார்கள்.

ரெசிஸ்டரே கூடாத இடங்கள்

எதையும் மறக்கவே கூடாத வேலைகளும் உண்டு. பழைய அனலாக் கணினிகள் ராக்கெட்டின் பாதையை இன்டக்ரேட்டர்களால் கணக்கிட்டன. கசிந்தால் விடை தப்பு. அங்கே ரெசிஸ்டருக்குப் பதில் ஒரு ரிலே இருந்தது. ஒவ்வொரு கணக்கும் தொடங்குமுன் கெபாசிட்டரை வேண்டிய தொடக்க மதிப்புக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் ஓட்டுவார்கள். நாம் ட்ரிஃப்டை அளக்க எடுத்த டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்ளேயும் பெரும்பாலும் ஓர் இன்டக்ரேட்டர்தான் அளக்கும் வேலையைச் செய்கிறது. அதிலும் குறுக்கு ரெசிஸ்டர் கிடையாது. ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன்பு தன் ஆஃப்செட்டைத் தானே அளந்து கழித்துக்கொண்டு, நொடியின் ஒரு பகுதி நேரம் மட்டும் கூட்டி, கெபாசிட்டரைச் சுழிக்குக் கொண்டுவந்துவிடுகிறது. முட்டுவதற்கு அதற்கு நேரமே கிடைப்பதில்லை.

ஆக, வழி இரண்டு. கூட்டல் குறுகிய நேரத்தில் முடிந்துவிடும் என்றால் ஒவ்வொரு முறையும் ஸ்விட்சால் கெபாசிட்டரை மீட்டமைக்கலாம். சிக்னல் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும் என்றால் ரெசிஸ்டர்தான் வழி. அதன் மதிப்பை இரண்டு கேள்விகள் முடிவு செய்யும். கூட்ட வேண்டிய சிக்னலின் மிகக் குறைந்த ஃபிரீக்வென்சி எது? அதில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே எல்லை இருக்கும்படி ரெசிஸ்டர் பெரிதாக இருக்க வேண்டும். ஆஃப்செட், பயாஸ் கரண்ட், சிக்னலில் ஒளிந்திருக்கும் டிசி மூன்றும் சேர்ந்து வெளியீட்டை எவ்வளவு நகர்த்தும்? அலைக்கு மேலும் கீழும் இடம் மிஞ்சும்படி ரெசிஸ்டர் சிறிதாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒத்துவரும் ஒரு மதிப்பு கிடைத்தால் அதைப் போடலாம். கிடைக்கவில்லை என்றால், மாற்ற வேண்டியது ரெசிஸ்டரை அல்ல, ஆப்-ஆம்பை.